அழுக்கும் இழிவும் ஒன்றல்ல

சிறுவர் கதை ஒன்றை 15 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்காகத் தமிழில் கொண்டுவரும்போது மூலத்தில் உள்ள கொச்சைச் சொற்களை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தமிழ்ப் பதிப்புச் சூழலில் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். எடுத்துவிடலாம், எடுக்க முடியாவிட்டால் நாகரிகமாக மாற்றிவிடலாம். இதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. கெட்ட வார்த்தையை அச்சில் பார்த்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது ஒன்று. அச்சுத் தமிழுக்கென்று ஒரு மரபு உண்டு, இலக்கணமே இடக்கரடக்கலை வகுத்திருக்கிறது என்பது இரண்டாவது. சொல்லை மாற்றினாலும் கதை மாறிவிடாது என்பது மூன்றாவது. மூன்றுமே தவறு. அவற்றின்படி நடப்பதால் விளையும் கேடு வேறொன்று: எடுக்க வேண்டாத சொல் எடுபடுகிறது, எடுக்க வேண்டிய சொல் யார் கண்ணிலும் படாமல் உள்ளே நிற்கிறது.

குழப்பம் 'கெட்ட வார்த்தை' என்ற பெயரிலேயே தொடங்குகிறது. அந்தப் பெயருக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வகைகள் கிடக்கின்றன. குசு, மூத்திரம், பீ போன்ற உடல் சார்ந்த சொற்கள் முதல் வகை. அவை அழுக்கைச் சொல்கின்றன, யாரையும் தாழ்த்துவதில்லை. கோபத்திலும் வலியிலும் சலிப்பிலும் வாயில் வரும் வசவுகள் இரண்டாம் வகை. மதுரை வட்டாரத்தில் சனியனே, எழவு, வெளங்காதவனே, நாசமாப் போறவனே, பேதியில போவான் என்று அது நீளும். இவற்றில் பொருளைவிடச் சூடுதான் முக்கியம். மூன்றாம் வகை, ஒருவரைச் சாதியாலோ இனத்தாலோ உடற்குறையாலோ பெண்ணாகப் பிறந்ததாலோ கீழே தள்ளும் இழிசொல். இது எழுப்பும் சத்தம் குறைவு, வெட்டு ஆழம். இந்த மூன்றையும் ஒரே கத்தரியால் வெட்டுவதுதான் நடைமுறையில் உள்ள முறை. அந்தக் கத்தரிக்கு முதல் வகைதான் உடனே அகப்படும், ஏனென்றால் அதுதான் காதுக்கு நாற்றமடிக்கிறது.

இது எப்படித் தலைகீழாகிப்போகிறது என்பதற்குச் 'சண்டாளன்' ஒன்றே போதும். வேற்றுமொழிக் கதையில் வில்லனைத் திட்டும் சொல் ஒன்று வந்தால் 'சண்டாளா!' என்று எழுதிவிடுவது பழைய தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் நாடகத் தமிழிலும் படிந்த பழக்கம். மூலத்தில் இருப்பது அயோக்கியன் என்ற அளவுக்கான சொல்தான். தமிழில் வந்து அமர்வதோ ஒரு சாதியின் பெயர். தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளின் அதிகாரபூர்வப் பட்டியலில் அந்தப் பெயர் உண்டு. 2024இல் தமிழ்நாடு மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் அதை வசையாகப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவுறுத்தியது. குசு என்ற சொல்லைப் பார்த்ததும் சிவப்புப் பேனாவை எடுக்கும் பதிப்பாசிரியர் இந்தச் சொல்லைச் செந்தமிழ் என்று எண்ணிக் கடந்து போகிறார். மூலத்தில் இல்லாத இழிவை மொழிபெயர்ப்பே உண்டாக்குகிறது. அதற்குப் பெயர் நாகரிகமாக்குதல்.

முதல் காரணத்தை எடுத்துக்கொள்ளலாம். அச்சில் பார்த்தால் பிள்ளைகள் கெடுவார்கள் என்ற அச்சம் எட்டு வயதுக்குப் பொருந்தலாம், பதினாறு வயதுக்குப் பொருந்தாது. மதுரைக்குக் கிழக்கே மேலூர்ப் பக்கம் உள்ள திருவாதவூரில் ஒரு பதினாறு வயதுப் பையன் ஒரே வாரத்தில் எத்தனை வகைத் தமிழைக் கேட்கிறான் என்று எண்ணிப் பார்த்தால் போதும். ஊர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்பதால் திருவாசகம் காதில் விழுகிறது. வகுப்பறையில் பாடநூல் தமிழ். வயல் வரப்பிலும் பேருந்து நிறுத்தத்திலும் முன்னே சொன்ன வசவுகள் அத்தனையும். அந்த வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளி திருமணம் தொடங்கும் முன்பே பபூன் மேடைக்கு வந்து இரட்டை அர்த்தத்தில் வெளுத்து வாங்குகிறார். பாட்டியும் பேரனும் ஒரே பாயில் உட்கார்ந்துதான் கேட்கிறார்கள். பபூன் எந்த இடத்தில் எல்லை தாண்டுகிறார், எந்த இடத்தில் தாண்டுவதுபோலப் பாவனை செய்து திரும்புகிறார் என்பது அந்தப் பையனுக்குத் தெரியும். கொச்சையின் அளவுகோல் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான், ஆகவே எதையும் அச்சிடலாம் என்று இதற்குப் பொருளல்ல. அந்த வாதமும் பிழையானது. அதைப் பின்னால் பார்க்கலாம். இங்கே வேண்டுவது அவன் காது எவ்வளவு கூர்மையானது என்பது மட்டுமே. கதையில் தெருச் சண்டையில் மூக்கு உடைந்த பையன் 'அயோக்கியனே, உன்னைச் சும்மா விட மாட்டேன்' என்று சொன்னால், அப்படி ஒரு பையனும் பேசுவதில்லை என்று படிப்பவனுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. ஒழுக்கத்தைக் காக்க வைத்த சொல் கதையின் மேல் உள்ள நம்பிக்கையைத்தான் கெடுக்கிறது. அதற்கப்புறம் அந்தப் பாத்திரம் அழுதாலும் படிப்பவனுக்கு அது நடிப்பாகத்தான் தெரியும்.

இரண்டாவது காரணம் இலக்கணத்தைத் துணைக்கு அழைப்பது. நன்னூல் தகுதி வழக்கின் மூன்று பிரிவுகளில் ஒன்றாக இடக்கரடக்கலை வைக்கிறது; பள்ளிக்கூடத்திலேயே இது பாடம். கால் கழுவி வந்தேன் என்ற எடுத்துக்காட்டு எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் இலக்கணம் இதை வழக்கு என்ற தலைப்பில் வைத்திருக்கிறது. அவையில் நிற்பவர் எப்படிப் பேசுகிறார் என்பதன் விளக்கம் அது. எந்தப் பாத்திரமும் எந்த இடத்திலும் அவையில் நிற்பதுபோலவே பேச வேண்டும் என்ற ஆணை அதில் இல்லை. தொல்காப்பியமும் அவைக்கு ஒவ்வாத சொல்லை மறைத்துச் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே நெடுங்காலமாக வழக்கில் பழகிப்போன சொல்லை மறைக்க வேண்டியதில்லை என்று விலக்கும் தருகிறது. உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டுகள் ஆட்டுப் புழுக்கை, யானை இலண்டம் போன்றவை. விதியை மேற்கோள் காட்டுபவர்கள் விலக்கை விட்டுவிடுகிறார்கள்.

இடக்கரடக்கல் மொழிபெயர்ப்பாளருக்கு உண்மையில் ஒரு கருவி. யார் மறைத்துப் பேசுகிறார், யார் உடைத்துப் பேசுகிறார் என்பதே பாத்திரத்தைக் காட்டும். ஒரே செயலை டாக்டர் 'மலம் கழித்தல்' என்பார், வாத்தியார் 'வெளிக்குப் போதல்' என்பார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரலை நீட்டி 'ரெண்டுக்கு' என்னும், கைக்குழந்தையின் அம்மா 'கக்கா' என்பாள், தெருவில் விளையாடும் பையன்கள் நேராகப் பேரைச் சொல்வார்கள். இத்தனை படிகள் உள்ள மொழியில் எல்லோர் வாயிலும் 'மலம்' என்ற ஒரே சொல்லை வைப்பது அடக்கம் ஆகாது; அது காது கேளாமை.

மூன்றாவது காரணமே எல்லாவற்றுக்கும் அடித்தளம்: சொல்லை மாற்றினாலும் கதை அப்படியே இருக்கும் என்பது. இதைச் சோதிக்கத் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த ஒரு நூல் உண்டு. டெட்சுகோ குரோயாநாகி எழுதி 1981இல் ஜப்பானில் வெளிவந்த டோட்டோ-சான், நேஷனல் புக் டிரஸ்ட் தமிழ்ப் பதிப்பின் வழியே இங்கே ஆசிரியர்களிடமும் பள்ளி மாணவர்களிடமும் பரவியது. போர்க்காலத் தோக்கியோவில், பின்னர் குண்டுவீச்சில் எரிந்துபோன தோமோயே என்ற சிறு பள்ளியின் கதை அது. தலைமையாசிரியர் கோபயாஷி. கதைநாயகி முதல் வகுப்புச் சிறுமி என்றாலும் அதை ஆழமாகப் படிக்க முடிவது பதின்வயதின் பிற்பகுதியில்தான். அதில் மேலே சொன்ன வகைகளில் இரண்டும், ஒன்றன் எல்லையில் நிற்கும் மூன்றாவது ஒன்றும், தனித்தனி அத்தியாயங்களாகவே அமைந்திருக்கின்றன. இந்த மூன்று இடங்களையும் தமிழாக்க உட்காரும் ஒருவர் எதை முடிவு செய்ய வேண்டியிருக்கும் என்று பார்க்கலாம்.

முதல் இடம் கழிப்பறைத் தொட்டி. டோட்டோ-சானுக்கு மிகப் பிடித்த பணப்பை கழிப்பறைக் குழிக்குள் விழுந்துவிடுகிறது. அவள் அழவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் நீண்ட கைப்பிடி கொண்ட மர அகப்பையைத் தேடி எடுத்து, வெளியே உள்ள தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதை அள்ளி அள்ளி வெளியே குவிக்கிறாள். குவியல் உயர்கிறது. அந்த வழியே வந்த தலைமையாசிரியர் என்ன செய்கிறாய் என்று கேட்கிறார். காரணத்தைச் சொல்கிறாள். முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் போய்விடுகிறார். பை கிடைப்பதில்லை, அவள் குவியல் முழுவதையும் திரும்பத் தொட்டியில் தள்ளுகிறாள்.

இந்தக் காட்சியின் உயிர் தலைமையாசிரியர் முகம் சுளிக்காததில் இருக்கிறது. சுளிக்க வேண்டிய அளவுக்கு அங்கே ஏதாவது இருந்தால்தான் சுளிக்காததற்கு மதிப்பு. 'கழிவுகளை வெளியேற்றினாள்' என்று எழுதினால் நகராட்சி அறிக்கை படிப்பதுபோல இருக்கும். குவியலும் இல்லை, நாற்றமும் இல்லை, ஆசிரியரின் பெருந்தன்மையும் இல்லை. அதற்காக ஒவ்வொரு வாக்கியத்திலும் பச்சையாக எழுதுவதும் தவறு. கதையைச் சொல்பவர் பல ஆண்டுகள் கழித்து நினைவுகூரும் பெரியவர். அவருடைய நடை பண்பானது. ஆகவே கதைசொல்லியின் வரிகளில் 'பீத்தொட்டி' என்று ஒருமுறை பேரைச் சொல்லிவிட்டு, பிறகு 'அள்ளினாள்', 'குவித்தாள்', 'குவியல்', 'நாற்றம்' என்று செயலாலேயே நடத்தலாம். பேர் ஒருமுறை வந்துவிட்டால் வாசகரின் மூக்கு மீதியைப் பார்த்துக்கொள்ளும். இங்கே முடிவு: வைத்துக்கொள், ஆனால் எண்ணிக்கையைக் கதைசொல்லியின் குரல் தீர்மானிக்கட்டும்.

இரண்டாம் இடம் வால். வளர்ச்சி நின்றுபோன, குள்ளமான உடல்கொண்ட தகாஹாஷி என்ற பையன் வகுப்பில் இருக்கிறான். மனிதனுக்கு முன்பு வால் இருந்தது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியை விளையாட்டாக அவனைப் பார்த்து, உனக்கு இன்னும் வால் இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறார். தலைமையாசிரியர் பிறகு அந்த ஆசிரியையைத் தனியே அழைத்துக் கடுமையாகக் கண்டிக்கிறார். அதைச் சிறுமி தற்செயலாகக் கேட்கிறாள். இதில் அகராதியில் தேடினால் கெட்ட வார்த்தை ஒன்றுகூடக் கிடைக்காது. வால் என்பது வால்தான். நீக்க வேண்டிய சொற்களின் பட்டியலோடு உட்காரும் பதிப்பாசிரியரை இந்த அத்தியாயம் தொந்தரவே செய்யாது. ஆனால் நூலிலேயே மிகக் கொடூரமான வாக்கியங்களில் ஒன்று இது.

தமிழில் இங்கே நேரக்கூடிய பிழை வேறுவிதமானது. தகாஹாஷியை அறிமுகம் செய்யும்போது மொழிபெயர்ப்பாளர் யோசிக்காமல் 'குள்ளன்' என்று எழுதிவிடலாம். போலியோ பாதித்த யாசுவாகி என்ற மற்றொரு பையனை 'நொண்டி' என்று எழுதிவிடலாம். கதைசொல்லி அவர்களை நேசிப்பவள். அவள் வாயில் அந்தச் சொற்கள் வரக் கூடாது. கதைசொல்லியே 'குள்ளன்' என்று சொல்லிவிட்டால், வாலைப் பற்றிக் கேட்ட ஆசிரியைக்கும் கதைசொல்லிக்கும் என்ன வேறுபாடு? கண்டிப்பு அர்த்தமற்றுப்போகும். மறுபுறம், 'மாற்றுத்திறனாளி' என்று எழுதுவதும் பொருந்தாது. தமிழ்நாட்டு அரசு அந்தச் சொல்லை அலுவல் வழக்குக்குக் கொண்டுவந்தது 2010 வாக்கில்தான். 1940களின் பள்ளிக்கூடத்தில் அது ஒட்டாது. 'உயரம் வளரவே இல்லை', 'போலியோவால் காலும் கையும் சரியாக இயங்காது' என்று நடந்ததைச் சொன்னால் போதும். இங்கே முடிவு: பாத்திரம் சொன்ன கொடுமையை ஒரு துளியும் குறைக்காதே, கதைசொல்லி சொல்லாத இழிவை ஒரு துளியும் சேர்க்காதே.

மூன்றாம் இடம்தான் முழு வழக்கையும் தீர்த்துவைக்கிறது. டோட்டோ-சான் போய்வரும் வழியில் குடியிருக்கும் ஒரு கொரியச் சிறுவன் ஒருநாள் அவளைப் பார்த்து வெறுப்போடு ஒரு சொல்லைக் கத்துகிறான். அந்தச் சொல்லின் பொருள் 'கொரியர்' என்பது மட்டுமே. அவள் கொரியப் பெண் அல்ல. அவள் ஏன் அப்படி அழைக்கப்பட்டாள் என்று அவளுக்குப் புரியவில்லை. அம்மாவிடம் சொல்கிறாள். அம்மாவின் கண்கள் கலங்குகின்றன. 1910 முதல் கொரியாவை ஆண்டுகொண்டிருந்த ஜப்பானில், அந்தப் பையனை எல்லோரும் அந்தச் சொல்லாலேயே இழிவாகக் கூப்பிட்டதால், அது ஒரு நாட்டவரின் பெயர் என்பதே அவனுக்குத் தெரியாமல், திட்டுவதற்கான சொல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அம்மா விளக்குகிறாள்.

மென்மையாக்கும் முறை இந்த இடத்தில் முற்றிலும் கையைவிரிக்கிறது. 'அவன் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான்' என்று எழுதினால் அத்தியாயமே போயிற்று. அம்மா அழுவதற்குக் காரணம் இல்லை. 'கொரிய நாட்டவளே!' என்று எழுதினால் திட்டு வரவேற்புரை ஆகிவிடும். எதிர்த்திசையில் போய், தமிழ் வாசகருக்கு உறைக்கட்டும் என்று ஒரு தமிழ்ச் சாதி வசையை வைத்தால், படிக்கும் வகுப்பறையில் யாராவது ஒரு மாணவர் தலைகுனிவார். அதோடு, பெயரே வசையாக்கப்பட்டது என்ற கதையின் நுட்பமும் போய்விடும், ஏனென்றால் சாதி வசை கேட்பவருக்கு முதலிலேயே வசையாகத்தான் தெரியும். 'ஏய், கொரியாக்காரி!' என்று மட்டும் வைப்பதே சரி. படிக்கும் மாணவரும் டோட்டோ-சானைப் போலவே இதில் திட்ட என்ன இருக்கிறது என்று ஒரு கணம் திகைப்பார். அம்மாவின் விளக்கம் வந்ததும் புரியும். தன் ஊரில் எந்தெந்தப் பெயர்கள் அப்படிக் கத்தப்படுகின்றன என்று யாரும் சொல்லாமலே நினைத்துப் பார்ப்பார்.

இந்த மூன்று இடங்களிலிருந்தும் பொதுவான ஒரு சோதனை கிடைக்கிறது. கொச்சைச் சொல்லைப் பற்றி முடிவெடுக்க அந்தச் சொல்லைப் பார்ப்பதைவிட அதற்கு அடுத்த மூன்று நான்கு வாக்கியங்களைப் பார்ப்பது நல்லது. கேட்டவர் என்ன செய்தார்? அழுதாரா, சிரித்தாரா, அடித்தாரா, கேட்காததுபோலப் போனாரா? தமிழில் வைத்த சொல் அந்த எதிர்வினைக்குப் போதுமான காரணமாக இருக்க வேண்டும். அதைவிடக் கூடுதலாகவும் இருக்கக் கூடாது. 'முட்டாளே' என்று திட்டியதற்கு ஒருவன் கத்தியை எடுத்தால் மொழிபெயர்ப்பு அளவுக்கு மேல் மென்மையாகிவிட்டது. தாயைப் பழிக்கும் சொல்லைக் கேட்டும் ஒருவன் சிரித்துக்கொண்டே போனால் அளவுக்கு மேல் கடுமையாகிவிட்டது.

அளவுக்கு மேல் கடுமையாக்கும் இந்தப் பிழையைத்தான், எதையும் மாற்றாமல் வைப்பதுதான் நேர்மை என்று வாதிடுபவர்கள் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் 'டாம்', 'பிளடி' போன்ற சொற்கள் பல பாத்திரங்களின் வாயில் சலிப்புக்கு மேல் ஒன்றுமில்லை. மூலத்தில் கெட்ட வார்த்தை இருக்கிறது என்று தமிழின் கெட்ட வார்த்தைகளில் ஒன்றைப் பிடித்து வைத்தால் எடை பத்து மடங்கு கூடிவிடும். தமிழின் கடுமையான வசவுகள் பெரும்பாலும் எதிராளியின் அம்மாவையும் அக்காவையும் உள்ளே இழுப்பவை. அந்த இடத்தில் 'எழவு' அல்லது 'சனியன்' என்று வைப்பது மென்மையாக்கல் அல்ல, அதுதான் துல்லியம்.

சொல்லின் வயதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு ரோல்டு டால் எழுதி 1982இல் வெளியான 'ரிவோல்டிங் ரைம்ஸ்' நல்ல எடுத்துக்காட்டு. பழைய தேவதைக் கதைகளைக் குறும்பாகத் திருப்பிச் சொல்லும் அந்த நூலின் சிண்டரெல்லா கதையில் இளவரசன் அவளை 'ஸ்லட்' என்று சொல்லித் திட்டுகிறான். 2014இல் ஆஸ்திரேலியாவில் ஆல்டி கடைகள் அந்தச் சொல்லுக்காக நூலை விற்பனையிலிருந்து எடுத்தன. இன்று அந்தச் சொல் பெண்ணின் நடத்தையைப் பழிப்பது. டாலின் தலைமுறை ஆங்கிலேயருக்கு அது அழுக்காக, ஒழுங்கில்லாமல் இருக்கும் பெண் என்ற பொருளையும் தந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பவளைக் கண்டு இளவரசன் சொல்வது அதைத்தான்.

இதைத் தமிழாக்குபவர் இன்றைய பொருளை எடுத்துக்கொண்டு 'தேவடியா' என்று வைத்தால் மூலத்தில் இல்லாத பழி சிண்டரெல்லாவின் மேல் விழும். பயந்துபோய் 'அழுக்கான பெண்' என்று வைத்தால் இளவரசனின் திமிர் காணாமல் போகும். தலை வெட்டத் துணியும் அவன் கொடூரத்தைக் கண்டு அவள் அவனை வேண்டாம் என்று நினைப்பதுதான் கதையின் திருப்பம்; இந்தத் திமிர் அந்தக் கொடூரத்தின் ஒரு பகுதி. தமிழில் இதற்கு 'மூதேவி' இருக்கிறது. அழுக்கும் சோம்பலும் ஒழுங்கின்மையும் அதன் பொருளிலேயே உண்டு. எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய சொல். ஆனால் யாரென்று தெரியாத ஒரு பெண்ணை ஒருவன் அப்படிக் கூப்பிட்டால் கேட்பவருக்குச் சுருக்கென்று தைக்கும். அதற்கு ஒரு வரம்பும் உண்டு. அது நம் ஊர்த் தெய்வத்தின் பெயர். டோட்டோ-சான் போன்ற நினைவுக்குறிப்பில் ஜப்பானியப் பாத்திரம் 'மூதேவி' என்றால் ஒட்டாது. டாலின் பாட்டோ எந்த ஊரையும் சேராத கேலிக்கதை. அங்கே அது தாராளமாக நடமாடும்.

டாலின் பிற நூல்களுக்கு 2023இல் நடந்தது பட்டியல் முறையின் விளைவைக் காட்டுகிறது. பஃபின் பதிப்பகம் புதிய பதிப்புகளில் நூற்றுக்கணக்கான சொற்களை மாற்றியது தெரியவந்தபோது எதிர்ப்பு எழுந்தது. பழைய வடிவத்தையும் தனி வரிசையாகத் தொடர்ந்து வெளியிடுவதாகப் பதிப்பகம் அறிவிக்க வேண்டியதாயிற்று. அகஸ்டஸ் க்ளூப் என்ற சிறுவனைக் 'குண்டு' என்று சொன்ன சொல் 'மிகப் பெரிய' என்ற பொருள்தரும் சொல்லாக மாறியது. ஆனால் அந்தப் பையனைக் கதை கேலி செய்வது அந்த ஒற்றைச் சொல்லால் அல்ல. அவன் தின்பதை, விழுவதை, குழாயில் மாட்டிக்கொள்வதைக் கதையே கட்டியமைத்திருக்கிறது. சொல்லை எடுத்தாலும் கேலி அங்கேயே இருக்கிறது. கேலி செய்வது யார் என்பது மட்டும் மங்கலாகிவிட்டது. கதையின் நிகழ்ச்சியில் உள்ள இழிவைச் சொல்லை மாற்றித் துடைக்க முடியாது. அது பிடிக்காவிட்டால் அந்த நூலை மொழிபெயர்க்காமல் விடுவதே நேர்மையான வழி.

தமிழ் மரபிலேயே இதைவிடத் தெளிவான வழி ஒன்று உண்டு. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்து நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டியபோது பாலியல் கதைகளைச் சுத்தம் செய்து குழந்தைக் கதைகளோடு கலக்கவில்லை. அவற்றை 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று தனி நூலாக்கினார். ஊரில் கதைசொல்லிகள் செய்துவந்ததும் அதுவே: யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எந்தக் கதை என்று முடிவு செய்வார்கள். கதையைத் தேர்ந்தபின் அதைக் காயடிப்பதில்லை. பிரீத்தம் சக்ரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2009இல் வெளியிட்டபோதும் அந்தக் கொச்சைக் கதைகள் ஒளித்துவைக்கப்படவில்லை. வயதுக்கேற்ற தெரிவு நூலின் மட்டத்தில் நடக்க வேண்டும், சொல்லின் மட்டத்தில் அல்ல என்பதே இதில் உள்ள பாடம்.

இதற்கு எதிராக நியாயமான ஒரு வாதம் எஞ்சுகிறது. பள்ளி நூலகத்துக்கு நூல் வாங்கும் தலைமையாசிரியர் ஒரு பக்கத்தைப் புரட்டி 'பீத்தொட்டி' என்ற சொல்லைப் பார்த்தால் நூலைத் திருப்பி வைத்துவிடுவார். யாருமே படிக்காத முழுமையான மொழிபெயர்ப்பைவிடப் பலர் படிக்கும் மென்மையான மொழிபெயர்ப்பு மேல் என்று பதிப்பாளர் சொல்வார். பண இழப்பு உண்மையானது, புறக்கணிக்க முடியாது. ஆனால் அதற்கு மருந்து உள்ளே வெட்டுவது அல்ல. அட்டையில் வயதை அச்சிடலாம். முன்னுரையில் ஒரு பத்தி எழுதி, எந்த அத்தியாயத்தில் எந்தச் சொல் ஏன் இருக்கிறது என்று ஆசிரியருக்குச் சொல்லலாம். சொல்லை அச்சத்தோடு பார்க்கும் ஆசிரியருக்கு, கோபயாஷி முகம் சுளிக்காததைச் சொல்ல அந்தச் சொல் தேவைப்பட்டது என்ற ஒரு வரி போதுமான விளக்கம். அப்படியும் வெட்டத்தான் வேண்டும் என்றால், வெட்டப்பட்ட பதிப்பு என்று அறிவித்துவிட்டு வெட்டலாம். வாசகருக்குத் தெரியாமல் வெட்டுவதே குற்றம்.

ஆக, மொழிபெயர்ப்பாளரின் மேசையில் வேலை இந்த வரிசையில் நடக்கும். முதல் வரைவில் எதையும் மென்மையாக்காமல் எடைக்கு எடை வைத்துவிட்டு, கொச்சையான ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொள்வது. அடுத்து, அது கதைசொல்லியின் குரலா, பாத்திரத்தின் குரலா என்று பிரிப்பது. பாத்திரத்தின் குரலில் உடல் சொல் என்றால் பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். வசவு என்றால் அடுத்த வாக்கியங்களின் எதிர்வினையோடு எடைபோட்டு ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். இழிசொல் என்றால் கதை அதைக் கண்டிக்கிறதா, ரசிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்டிக்கும் கதையில் இழிசொல்லைக் குறைப்பது கண்டிப்பைக் குறைப்பது. ரசிக்கும் கதையில் இழிசொல்லைக் குறைப்பது ரசனையை மறைப்பது. கதைசொல்லியின் குரலில் மூலத்தில் இல்லாத இழிசொல் தமிழில் நுழைந்திருந்தால் அதை மட்டும் தயங்காமல் நீக்க வேண்டும். நொண்டி, செவிடு, சண்டாளன், விதவையைக் குறிக்கும் பழைய வசவுகள் ஆகியவை மொழிபெயர்ப்பாளர் அறியாமலே கைப்பழக்கத்தில் வந்து விழுபவை. கடைசி வாசிப்பில் இவற்றைத் தேடுவதற்கென்றே ஒரு சுற்று ஒதுக்க வேண்டும்.

பிறகு அந்தப் பக்கங்களைப் பதினாறு, பதினேழு வயதுள்ள நான்கைந்து பேரிடம் உரக்கப் படித்துக் காட்டுவது நல்லது. மூலம் சிரிக்க வைக்காத இடத்தில் அவர்கள் சிரித்தால் சொல் பொருந்தவில்லை: ஒன்று அது செயற்கையாக இருக்கிறது, அல்லது அளவுக்கு மேல் போய்விட்டது. எது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.